உயரத்துக்குப் பயம்: பெயர் என்ன?

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் கால் நடுங்குகிறது. இந்தப் பயத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? அகராதியில் தேட முதலெழுத்தாவது தெரிய வேண்டுமே!

பலர் சட்டென்று ‘வெர்டிகோ’ என்பார்கள். அது தலைசுற்றல், கட்டிலில் படுத்திருப்பவருக்கும் வரும். 1958-இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்துக்கும் இந்தக் குழப்பத்தில் பங்குண்டு. நாயகனுக்கு இருப்பது உயர பயம். தலைசுற்றல் அதன் விளைவு. படத்தின் பெயராக நின்றதோ விளைவு!

சொல்லை உடைத்துத் தேடுவதே நல்ல வழி. இத்தகைய பயங்களின் ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் ‘ஃபோபியா’ என்று முடியும். ஆகவே பின்பாதி கையில் இருக்கிறது. முன்பாதிக்கு, உயரத்தோடு தொடர்புள்ள தெரிந்த சொற்களைத் துழாவலாம். ஏதென்ஸில் குன்றின்மேல் இருக்கும் கோட்டை அக்ரோபொலிஸ். ‘அக்ரோ’ என்றால் உச்சி, முனை. நுனிக்காலில் நடப்பவர் என்ற பொருளில் வந்ததுதான் அக்ரோபேட். இரண்டையும் ஒட்டினால் ‘அக்ரோஃபோபியா’.

ஒட்டியதோடு விட்டுவிடக் கூடாது. இப்போது முதலெழுத்து தெரியும், வழக்கமான அகராதியைப் புரட்டிப் பொருளைச் சரிபார்க்கலாம். ‘வெர்டிகோ’ இந்தச் சோதனையில் முதல் வரியிலேயே தோற்றுவிடும். எல்லாச் சொல்லும் இப்படி வசப்படாது. மூடிய இடத்துக்கான பயமான ‘கிளாஸ்ட்ரோஃபோபியா’வின் முன்பாதி லத்தீன், கிரேக்கத்திலேயே தேடினால் கிடைக்காது.