அறுபது நாள் கெடுவில் வேலை தேடல்: கையில் உள்ள வாய்ப்பை எப்போது ஏற்பது?

அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் உள்ள பிஸ்கட்டவே, எடிசன் வட்டாரத்தில் கணினித் துறையை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11 ஆயிரம் பேரையும், 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் 12 ஆயிரம் பேரையும் உலகெங்கும் வேலைநீக்கம் செய்வதாக அறிவித்தபோது, கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் எழுந்த பதற்றம் இங்கும் உணரப்பட்டது. எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், அவருக்குச் சம்பளத்தோடு நாட்டில் தங்கும் உரிமையும் கேள்விக்குறியாகிறது என்பதே அதற்குக் காரணம்.

2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று, இப்படி வேலை இழந்தவர்களுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம் அளிக்கிறது. அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக விசா மனுவைத் தாக்கல் செய்துவிட்டால் அவர் தொடர்ந்து தங்கலாம், வேலையும் செய்யலாம். இந்த 60 நாளில் சனி, ஞாயிறு, விடுமுறைகள் எல்லாம் அடக்கம். நாட்டில் தங்குவதற்கான அனுமதித் தேதி அதற்கு முன்பே முடிவதாக இருந்தால் அவகாசமும் அன்றே முடிந்துவிடும்.

இந்தச் சூழலில் முதல் வேலைவாய்ப்புக் கடிதம் கைக்கு வரும்போது மகிழ்ச்சியுடன் ஒரு சங்கடமும் சேர்ந்தே வருகிறது. கடிதத்தை அனுப்பிய நிறுவனம் சில நாட்களில் பதில் கேட்கிறது. அதைவிட நல்ல வேலைக்கு நேர்முகம் முடித்துவிட்டுக் காத்திருக்கும் இடத்திலிருந்தோ பதில் வரவில்லை. ஏற்பதா, காத்திருப்பதா?

கணிதவியலாளர்கள் இதற்கு ஒரு புகழ்பெற்ற விடை வைத்திருக்கிறார்கள். 1960இல் மார்ட்டின் கார்டனர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய பத்தி மூலம் பரவலாக அறியப்பட்ட புதிர் அது. வரிசையாக வரும் வாய்ப்புகளில் முதல் 37 சதவீதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும், பிறகு அவை எல்லாவற்றையும் விடச் சிறந்ததாக வரும் முதல் வாய்ப்பை ஏற்க வேண்டும் என்பது அதன் தீர்வு. நண்பர்கள் கூடும் இடங்களில் இதை மேற்கோள் காட்டுவோர் உண்டு. ஆனால் மிகச் சிறந்த ஒன்று கிடைக்காவிட்டால் எதுவும் கிடைக்காததற்குச் சமம் என்று அந்தப் புதிர் கருதுகிறது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் உள்ள ஒருவருக்கு இது பொருந்தாது. அவருக்கு இரண்டாவது சிறந்த வேலையும் வேலைதான்.

அவருக்குப் பொருந்துவது பொருளியலாளர்கள் சொல்லும் வேறொரு கருத்து. தேடுபவர் தமக்குள் ஒரு குறைந்தபட்ச எல்லையை வைத்திருக்கிறார். அதற்கு மேல் வருவதை ஏற்கிறார், கீழே வருவதை மறுக்கிறார். கெடு நெருங்க நெருங்க அந்த எல்லை தானாகவே இறங்க வேண்டும். கடைசி நாளில் அது, வேலையே இல்லாத நிலையை விடச் சற்று மேலே நிற்கும். எனவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அந்தக் கடைசி நாள் உண்மையில் எது என்பதைத்தான்.

அது அறுபதாவது நாள் அல்ல. ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம். பிஸ்கட்டவேயில் குடும்பத்துடன் வசிக்கும் ஒரு மென்பொருள் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சம்பளம் கணக்கிடப்பட்ட கடைசி நாள் 2026 மார்ச் 2, திங்கட்கிழமை. மறுநாள் முதல் எண்ணினால் அறுபதாவது நாள் மே 1. அந்தத் தேதிக்குள் புதிய நிறுவனத்தின் மனு குடியேற்றத் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இனிப் பின்னோக்கி எண்ண வேண்டும். தபாலுக்கும் எதிர்பாராத தாமதத்துக்கும் இரண்டு நாள் விட்டால், மனு ஏப்ரல் 29 அன்று வழக்கறிஞர் அலுவலகத்தை விட்டுப் புறப்பட வேண்டும். அதற்கு முன், ஊதியம் குறித்த உறுதிமொழி விண்ணப்பம் ஒன்றைத் தொழிலாளர் துறை சான்றளித்திருக்க வேண்டும். எல்சிஏ என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சான்றுக்கு ஏழு வேலை நாட்கள் ஆகும். ஏப்ரல் 16 அன்று விண்ணப்பித்தால் 27 அன்று கிடைக்கும். பல நிறுவனங்கள், புதிய ஊழியரின் பின்னணியைச் சரிபார்த்து முடிக்கும் வரை வழக்கறிஞரிடம் கோப்பையே கொடுப்பதில்லை. அதற்கு ஐந்து வேலை நாட்கள் என்று வைத்தால், அவர் கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய நாள் ஏப்ரல் 8. அது முப்பத்தேழாவது நாள். இதற்கு முன் வெளிநாட்டினரைப் பணியமர்த்தாத சிறிய நிறுவனம் என்றால், அதன் வரி அடையாள எண்ணைத் தொழிலாளர் துறை சரிபார்க்கவே மேலும் சில நாட்கள் போகும்.

ஆக, சட்டம் தரும் 60 நாளில் தேடலுக்குக் கிடைப்பது 37 நாள்தான். (மேலே சொன்ன 37 சதவீதத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) இந்த வித்தியாசத்தை உணராமல், இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று நல்ல வாய்ப்பை நழுவவிடுவதுதான் இந்தத் தேடலில் நேரும் ஆகப் பெரிய தவறு என்பது எனது கருத்து.

எண்ணத் தொடங்கும் நாளிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நியூஜெர்ஸியில் 2023 ஏப்ரல் 10 முதல் அமலில் உள்ள சட்டத் திருத்தத்தின்படி, நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம் ஐம்பது பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ நீக்கும்போது 90 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்; பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். முன்னறிவிப்புக் காலத்தில் ஊழியராகவே இருந்து சம்பளம் பெற்றால் 60 நாள் கணக்கு தொடங்குவதில்லை. வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் மட்டும் வரும் என்று சொல்லப்பட்டால் அந்தக் காலம் எப்படிப் பார்க்கப்படும் என்பதில் தெளிவின்மை உண்டு. அப்போது வழக்கறிஞரைக் கேட்பது நல்லது. இழப்பீட்டுத் தொகையோ நாளை நீட்டிக்காது. அது எத்தனை மாதச் சம்பளமாக இருந்தாலும் சரி.

நமது பொறியாளரிடம் திரும்புவோம். மார்ச் 26, இருபத்து நான்காவது நாள். டெக்ஸாஸின் பிளேனோ நகரிலுள்ள நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் சம்பளத்தில் கடிதம் அனுப்புகிறது. மார்ச் 31க்குள் பதில் வேண்டும். ஜெர்ஸி சிட்டியிலுள்ள வங்கியொன்றில் மறுநாள் கடைசிச் சுற்று நேர்முகம்; சம்பளம் 1 லட்சத்து 40 ஆயிரம், வீடு மாற வேண்டியதில்லை, முடிவு ஏப்ரல் 6 அன்று தெரியும் என்கிறார்கள். கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் இன்னொரு நிறுவனம் இதைவிட அதிகம் தரக்கூடும். ஆனால் அங்கு இன்னும் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன, தேதி குறிக்கப்படவில்லை.

சான்டா கிளாரா கணக்கிலேயே வராது. ஏப்ரல் 8க்குள் பதில் சொல்ல இயலாத வாய்ப்பு, எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், இந்தக் கெடுவுக்குள் வாய்ப்பே அல்ல. மிஞ்சுவது இரண்டு.

வங்கி வேலை கிடைத்தால் கூடுதல் லாபம் எவ்வளவு? வெறும் சம்பள வித்தியாசம் 20 ஆயிரம். டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் அதில் ஒரு பகுதி குறையும். ஆண்டுக்கு 15 ஆயிரம் என்று கொண்டு, இரண்டு ஆண்டுக்கு 30 ஆயிரம் எனலாம். பிளேனோவை மறுத்து, வங்கியும் கைவிட்டால் நஷ்டம் எவ்வளவு? பல மாதச் சம்பளம், பாதியில் முறியும் வாடகை ஒப்பந்தம், குடும்பத்துடன் நாடு திரும்பும் செலவு எல்லாம் சேர்த்து 75 ஆயிரம் என்று அவர் மதிப்பிடுகிறார். லாபமும் நஷ்டமும் சேர்ந்து 1 லட்சத்து 5 ஆயிரம். அதில் 75 ஆயிரம் என்பது சுமார் 71 சதவீதம். அதாவது, வங்கி வேலை கிடைக்கும் என்று நூற்றுக்கு 71க்கு மேல் நம்பிக்கை இருந்தால் மட்டுமே மறுத்துவிட்டுக் காத்திருப்பது தகும். கடைசிச் சுற்றுக்கு மூன்று பேரை அழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அவர் பிளேனோவை ஏற்க வேண்டும்.

இதே இரு வாய்ப்புகள் வேறொரு வீட்டுக்கு வந்தால் விடை மாறக்கூடும். மனைவி தமது சொந்த எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார் என்றால், கணவர் அவரைச் சார்ந்தவராக எச்-4 நிலைக்கு மாற விண்ணப்பித்து நாட்டிலேயே இருக்கலாம். நஷ்டம் 20 ஆயிரமாகக் குறைகிறது. அப்போது 40 சதவீத நம்பிக்கையே போதும். நண்பர் ஒருவர் துணிந்து காத்திருந்து நல்ல வேலை பெற்றார் என்ற கதையைக் கேட்கும்போது, அவர் வீட்டில் யாருடைய விசாவில் யார் இருந்தார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறு விசா இல்லாதவர்கள் சுற்றுலா நிலைக்கு மாற விண்ணப்பித்துக் காலம் கடத்துவதுண்டு. அறுபதாவது நாளுக்குள் விண்ணப்பித்தால் முடிவு வரும் வரை தங்க இயலும். ஆனால் அதன்பின் வேலை கிடைத்தால், மனு தாக்கலானவுடன் சேர முடியாது. ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் அதிபர் பிறப்பித்த, பன்னிரண்டு மாத காலத்துக்கான பிரகடனம் இந்த வழியின் ஆபத்தை மேலும் கூட்டியது. செப்டம்பர் 21 முதல், செல்லத்தக்க விசா இன்றி வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய எச்-1பி மனுவுக்கு அது ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. உள்நாட்டில் இருப்பவரின் நிலைமாற்றம் மறுக்கப்பட்டாலும் அந்தக் கட்டணம் பொருந்தும் என்று அடுத்த மாதம் குடியேற்றத் துறை விளக்கியது. நஷ்டக் கணக்கு போடுவோர் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மேலே கண்ட கணக்கு, மார்ச் 31 என்ற தேதி நகராது என்று வைத்துப் போடப்பட்டது. உண்மையில் இரண்டு வகைக் கெடுக்கள் உண்டு. மே 1 அரசு விதித்தது, அது நகராது. மார்ச் 31 ஒரு மனிதவள அதிகாரி எழுதியது. கேட்டால் பெரும்பாலும் சில நாட்கள் நகரும். எனவே கடிதம் வந்த அன்றே பிளேனோவுக்கு நன்றி கூறி, ஒப்பந்தத்தைப் படிக்கவும் குடும்பத்துடன் இடமாற்றம் பற்றிப் பேசவும் ஏப்ரல் 7 வரை நேரம் கேட்க வேண்டும். கடைசி நாள் மாலையில் கேட்டால் அது தயக்கமாகத் தெரியும். அதே நாளில் வங்கிக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும்: எழுத்துபூர்வமான வாய்ப்பு கையில் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், மே 1க்குள் மனு தாக்கலாக வேண்டும் என்று. இல்லாத கடிதத்தைச் சொல்லி அவசரப்படுத்துவது, நகல் கேட்கப்பட்டால் அம்பலமாகிவிடும். பிளேனோ ஏப்ரல் 7 வரை காத்திருக்கச் சம்மதித்தால், வங்கியின் முடிவுக்காகக் காத்திருக்கும் செலவு பூஜ்யம். கையெழுத்துக்கான ஏப்ரல் 8 தாண்டப்படவும் இல்லை.

பிளேனோ மறுத்தால்? கையெழுத்திட்டுவிட்டு, ஏற்கெனவே முடிந்த வங்கி நேர்முகத்தின் முடிவுக்காகவும் காத்திருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரு நிறுவனங்கள் ஒருவருக்காக மனுச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கையெழுத்திடும் முன், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்கூட்டியே விலகுவதற்கு அபராதம் வசூலிக்க எச்-1பி சட்டம் அனுமதிப்பதில்லை என்றாலும், நியாயமான இழப்பீடு என்ற பெயரில் மாநிலச் சட்டப்படி கோர இடமுண்டு. ஏற்கெனவே தொடங்கிய பேச்சை முடிப்பதில் தவறில்லை, புதிதாக விண்ணப்பிப்பது முறையல்ல என்பது என் எண்ணம். இதை ஏற்காதவர்களும் உண்டு. மனம் மாறினால், பிளேனோ வழக்கறிஞருக்குப் பணம் கட்டுமுன் அன்றே தெரிவித்துவிட வேண்டும்.

கையெழுத்திட்ட நாளோடு தேடல் முடிந்துவிடுவதும் இல்லை. பெரும்பாலான கடிதங்கள் பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டவை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனம் அதைத் திரும்பப் பெறுவதும் எளிது. எல்சிஏ எந்தத் தேதியில் விண்ணப்பிக்கப்பட்டது, எப்போது சான்று வந்தது என்று வழக்கறிஞரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நமது உதாரணத்தில் ஏப்ரல் 17 ஆகியும் அது விண்ணப்பிக்கப்படவில்லை என்றால், ஏதோ தடைபட்டிருக்கிறது என்று பொருள். சான்டா கிளாராவுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுத ஏற்ற நேரம், குடியேற்றத் துறையின் ரசீது எண் கைக்கு வந்த பிறகுதான்.