பட்டை கட்டும் தலைவலியும் பாதித் தலைவலியும்

வீட்டில் யாராவது "தலை வலிக்குது" என்றால் நம் கை தானாகவே தைல டப்பாவைத் தேடும். அதற்கும் கேட்கவில்லையென்றால் சுக்கை உரசி நெற்றியில் பத்துப் போடுவோம். அப்புறம் பெட்டிக்கடை மாத்திரை. எந்தத் தலைவலியாக இருந்தாலும் இதே வரிசைதான். வயிற்று வலி என்றால் "எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது?" என்று நாலு கேள்வி கேட்கிற நாம், தலைவலிக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நம்மில் பலருக்கும் அடிக்கடி வருகிற தலைவலிகள் இரண்டு. அவை பெயரில்தான் ஒன்று. குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

எங்கள் ராஜபாளையத்தில் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு வகை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் நாத்தனாருக்கு இன்னொரு வகை. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த இரண்டு பேரையும் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்கு விளங்கியதையும், டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

அக்காவுக்கு வேலை பேண்டேஜ் துணியில். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறியில் நெய்கிற அந்தத் துணியை வெட்டி, மடித்து, சுருட்டிக் கட்டு கட்டுவது. காலை ஒன்பது மணிக்குக் குனிந்தால் மத்தியானம்தான் நிமிர்வார். மூன்று மணி வாக்கில் தலைவலி ஆரம்பிக்கும். "எப்படிக்கா வலிக்குது?" என்று கேட்டால், "நான் சுத்துற பேண்டேஜையே என் தலையில சுத்தி இறுக்கினாப்பல இருக்கு தாயி" என்பார். இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் சொல்லாது. நெற்றியில் தொடங்கி இரண்டு பொட்டு வழியாகப் பிடரி வரை ஒரே சீராக ஒரு அழுத்தம். இடியும் இல்லை, துடிப்பும் இல்லை. குமட்டல் கிடையாது. வலியோடேயே வேலையையும் முடிப்பார், வீட்டுக்கு வந்து அடுப்பும் பற்றவைப்பார். மாடிப்படி ஏறினாலும் வலி கூடுவதில்லை. இது அரை மணி நேரத்திலும் போகலாம், ஒரு வாரம் வரை லேசாக ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். டாக்டர்கள் இதை டென்ஷன் தலைவலி என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் 'கவலையினால் வருவது' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கவலையும் ஒரு காரணம்தான். ஆனால் கழுத்து, தோள், மண்டையைச் சுற்றியுள்ள தசைகள் மணிக்கணக்கில் இறுகிக் கிடப்பதும், தூக்கம் குறைவதும்கூடக் காரணங்களே.

நாத்தனார் கதை வேறு. அவளுக்கு இடது பொட்டில், கண்ணுக்குப் பின்னால் ஆரம்பிக்கும். நாடி துடிக்கிற மாதிரியே 'திண் திண்'ணென்று இடிக்கும். குனிந்து ஒரு செம்பை எடுத்தால் இடி இரண்டு மடங்காகும். ஜன்னல் வெளிச்சம் ஆகாது, பாத்திரம் உருளும் சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். "மதினி, கதவைச் சாத்திட்டுப் போங்க, யாரும் பேசாதீங்க" என்று இருட்டறையில் அசையாமல் படுத்துவிடுவாள். வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்தால் அநேகமாக மறுநாள் காலை தெளிந்துவிடும். இதுதான் ஒற்றைத் தலைவலி என்கிற மைக்ரேன். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை, அதாவது மூன்று நாள், ஆளைப் போட்டுப் படுத்திவிடும். ஆண்களைவிட மூன்று மடங்கு பெண்களுக்கு இது வருகிறது.

'ஒற்றைத் தலைவலி' என்கிற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. இரண்டு பக்கமும் வலித்தால் அது மைக்ரேன் இல்லை என்று நினைக்கிறோம். அப்படியில்லை, இரண்டு பக்கமும் வலிக்கிற மைக்ரேன் எத்தனையோ பேருக்கு உண்டு. அதனால் எந்தப் பக்கம் என்பதைவிட, வலிக்கிறபோது ஆள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தால் பெரும்பாலும் பட்டை கட்டும் வலி. இருட்டைத் தேடிப் படுத்தால் மைக்ரேன். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் மூன்றே கேள்விகளால் மைக்ரேனைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். கடந்த மூன்று மாதத்தில் தலைவலியின்போது குமட்டியதா? வெளிச்சம் கண்ணைத் தொந்தரவு செய்ததா? ஒரு நாளாவது வேலை கெட்டதா? மூன்றில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் அநேகமாக அது மைக்ரேன்தான் என்று தெரிந்தது. இந்த மூன்று கேள்வியையும் அக்காவிடம் கேட்டேன். மூன்றுக்கும் 'இல்லை'. நாத்தனாரிடம் கேட்டால், மூன்றாவதைக் கேட்கும் முன்பே, "இதையெல்லாம் யாரு மதினி உங்ககிட்ட சொன்னது?" என்றாள்.

அவளுக்கு அதுவரை சொல்லப்பட்ட பெயர்கள்: பித்தம், சைனஸ், கண் பார்வைக் கோளாறு. கண்ணாடியும் போட்டுப் பார்த்தாயிற்று. மைக்ரேன்காரர்களுக்குக் கண்ணில் நீரும் மூக்கில் அடைப்பும் வரலாம் என்பதால் சைனஸ் என்று நினைப்பது சகஜம். காய்ச்சலும் கெட்டியான மஞ்சள் சளியும் இல்லாமல், குமட்டலோடு திரும்பத் திரும்ப வந்து தானே போகிற வலி சைனஸாக இருப்பது அபூர்வம்.

டாக்டரம்மா மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தேதி, ஆரம்பித்த நேரம், எந்தப் பக்கம், வாந்தி உண்டா, முந்தின நாள் தூக்கமும் சாப்பாடும், மாதவிலக்குத் தேதி, போட்ட மாத்திரை. இரண்டு மாதத்தில் அந்த நோட்டில் மூன்று பெரிய வலி. முதலாவது ஆடிப்பூரத் தேரன்று. விருந்தாளிகளுக்குச் சமைத்து ராத்திரி தூக்கமில்லை. காலையில் வெறும் வயிறு. ரத வீதியில் வெயிலில் நின்றது. பதினோரு மணிக்கு இடது பொட்டு இடித்தது. இரண்டாவது மாதவிலக்குக்கு முந்தின நாள். அந்தச் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் சடாரென்று இறங்குவதால் நிறையப் பெண்களுக்கு அப்போது மைக்ரேன் வரும். மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருந்த சாயங்காலம். ஆக, தூக்கம் கெட்டது, வயிறு காய்ந்தது, வெயில், ஹார்மோன். இவை இரண்டு மூன்று ஒன்று சேர்ந்தால் வலி நிச்சயம்.

நோட்டில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. "பால்கோவா சாப்பிட்டா எனக்குத் தலைவலி வரும்" என்று அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு பால்கோவா சாப்பிடாமல் இருப்பதா! நோட்டைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். மைக்ரேன் வருவதற்கு முதல் நாளே மூளையில் அதன் வேலை ஆரம்பித்துவிடுமாம். கொட்டாவி கொட்டாவியாக வரும், பிடரி பிடிக்கும், சிடுசிடுப்பு வரும், இனிப்பு கேட்கும். இவள் பால்கோவாவைத் தேடிப் போனதே வலி கிளம்பிவிட்டதற்கு அறிகுறி. சாப்பிட்ட மற்ற நாட்களில் ஒன்றும் வரவில்லை என்பதை நோட்டே சொல்லிற்று. பழி பால்கோவாவின் மேல் விழுந்தது, அவ்வளவுதான்.

சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் கோலம் போட்டது போல் வளைந்து நெளிந்த வெளிச்சக் கோடுகள் மின்னும், அல்லது ஒரு கை மரத்துப்போய்ச் சரியாகும். ஐந்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும். இப்படி வருகிறவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

இரண்டுக்கும் வைத்தியம் ஏன் வேறு? மைக்ரேன் தசையில் இல்லை. முகத்துக்கும் மூளையின் உறைக்கும் போகிற ஒரு பெரிய நரம்பு கிளர்ச்சியடைந்து சில ரசாயனங்களை விடுகிறது. அதனால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து கூச்சமடைகின்றன. அதனால்தான் ஒவ்வொரு நாடித்துடிப்பும் இடியாகத் தெரிகிறது. அதோடு அந்த நேரத்தில் இரைப்பையும் வேலை நிறுத்தம் செய்துவிடும். நாத்தனார் வலி உச்சிக்குப் போனபிறகு மாத்திரை போடுவாள். அது கரையாமல் அப்படியே வாந்தியில் வந்துவிடும். "மாத்திரையே கேட்கலை" என்பாள். இப்போது டாக்டரம்மா சொன்னபடி, பொட்டு லேசாக இடிக்கத் தொடங்கியதுமே வாந்தியை நிறுத்தும் மாத்திரையையும், 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு இருட்டில் படுக்கிறாள். பல தடவை இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுகிறாள். இதற்கும் கேட்காதவர்களுக்கு மைக்ரேனுக்கென்றே டிரிப்டான் வகை மாத்திரைகள் இருக்கின்றன. இருதய நோயோ அதிக ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு அவை ஆகாது. ஆகவே கடையில் கேட்டு வாங்கக்கூடாது. மாதத்தில் நாலைந்து நாளுக்கு மேல் வந்தால் வராமல் தடுக்கத் தினசரி மருந்து உண்டு. அதில் புரோப்ரனலால் என்பது ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என்ன ஆயிற்று? அவருடைய வலி சாதுதான், மாத்திரைதான் வினையாயிற்று. தினம் மூன்று மணிக்கு ஒன்று என்று மாதத்தில் இருபது நாள் போட்டுக்கொண்டிருந்தார். ஆறேழு மாதத்தில் காலையில் கண் விழிக்கும்போதே தலைவலி வர ஆரம்பித்தது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். டிரிப்டானுக்கும், பல மருந்து கலந்த மாத்திரைகளுக்கும் 10 நாளே போதும். டாக்டரம்மா நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாள் வலி அதிகமாகிவிட்டது. "இந்த வைத்தியமே வேண்டாம்"னு ஒருநாள் அழுதேவிட்டார். அது தெரிந்துதான் வருவது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டார். மூன்றாவது வாரம் காலை வலி நின்றது. மேஜையை ஒரு முழம் உயர்த்தி, மணிக்கு ஒரு தடவை எழுந்து தோளைச் சுழற்றி, ராத்திரி பிடரிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததில் சாயங்கால வலியும் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. ஒத்தடம் இவருக்குச் சுகம். நாத்தனாருக்கோ ஈரத்துணியும் குளிர்ச்சியும்தான் இதம்.

ஒரே ஆளுக்கு இரண்டும் வருவதுண்டு. நாத்தனாரின் நோட்டிலேயே நடுநடுவே ஐந்து நாள் 'லேசாக, சுற்றி இறுக்கம்' என்று இருக்கிறது. அந்த நாட்களில் அவள் மைக்ரேன் மாத்திரையைத் தொடுவதில்லை. காபி குடித்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொள்கிறாள்.

இந்த இரண்டிலும் சேராத தலைவலிகளும் இருக்கின்றன. மின்னல் மாதிரி ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகிற, வாழ்நாளில் காணாத வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. கை கால் இழுப்பது, பேச்சுக் குழறுவது. தலையில் அடிபட்டபின் கூடிக்கொண்டே போவது. கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்றவளுக்கோ கண் மங்கலோடு வருவது. இவற்றுக்குச் சுக்கும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகப் பொட்டில் வலியும், மெல்லும்போது தாடை வலியும் வந்தால் அதுவும் அப்படித்தான். பொட்டு நரம்பு என்று நாம் சொல்கிற ரத்தக் குழாய் அழற்சியாக அது இருக்கலாம். தாமதித்தால் பார்வையே போய்விடும்.