nfhOk;G என்றால் கொழும்பு

ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்திருந்தாள் ஒரு தங்கச்சி. பிளேன்டீ ஆறும் முன்னமே பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். தமிழ் இணைய மாநாட்டில் ஒரு பட்டறை நடத்த இடம் கேட்டு எழுதிய விண்ணப்பம். "எங்க பிழை எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றாள்.

1997இல் சிங்கப்பூரில் தொடங்கிய மாநாட்டு வரிசை அது. 2000இல் உருவான உத்தமம் அமைப்பு பிறகு அதைப் பொறுப்பெடுத்தது. அங்கே ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் அரங்கு வேறு, பட்டறை நடக்கும் பொதுமக்கள் கூடம் வேறு. கட்டுரை அரங்கில் புதிதாக என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள். பட்டறைக்கு அந்தக் கேள்வி இல்லை. வந்தவர் எதைச் செய்யப் பழகிப் போவார் என்பதுதான் கேள்வி. இவளோ பட்டறை கேட்டுவிட்டு, கட்டுரைக்குரிய முன்னுரையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

அவள் எடுத்த விஷயம் நல்ல விஷயம். இலங்கையில் யூனிகோட் பரவுமுன் கோயில் மலர், பாடசாலை மலர், சங்க அறிக்கை என்று எத்தனையோ பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாயின. அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் `nfhOk;G` என்று நிற்கும். அது கொழும்பு. தேடுபொறியில் கொழும்பு என்று தேடினால் அது அகப்படாது.

விண்ணப்பத்தின் பயன் பகுதியில் அவள் எழுதியிருந்தது: "இப்பட்டறையின் மூலம் தமிழ்க் கணிமை பற்றிய விழிப்புணர்வு ஏற்படும்." மதிப்பிட உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன், இந்த வரியைக் கண்டதும் கை தானாக அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடும். யாருக்கு ஏற்படும்? ஏற்பட்டதை எப்படி அறிவது?

"ஆர் வருவினம் எண்டு நினைக்கிறாய்?"

"பழைய மலர் வைச்சிருக்கிற ஆக்கள். சங்கச் செயலாளர், நூலகர்…"

"அவை வீட்டை போகேக்க கையில என்ன இருக்கும்?"

கொஞ்சம் யோசித்து இப்படி எழுதினாள்: "பங்கேற்பவர் தாம் கொண்டுவரும் ஒரு பாமினிக் கோப்பை யூனிகோடாக மாற்றி, அதில் இருக்கும் மூன்று வகைப் பிழைகளைத் தாமே கண்டு திருத்துவார். தட்டச்சு தெரிந்தால் போதும். நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை."

அடுத்த கேள்வி கட்டாயம் வரும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி மாதிரிக் கருவிகள் எப்போதோ வந்துவிட்டனவே, இதற்கு ஒரு பட்டறையா? பதில் அந்த மூன்று பிழைகளில்தான் இருக்கிறது. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும். யூனிகோட்டில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். ஒவ்வொரு குறியாகப் பெயர்த்தால் "ெகாழும்பு" என்று கொம்பு முன்னால் தனியே நிற்கும். நல்ல கருவிகள் இதைச் சமாளிக்கும். இடையிடையே வரும் ஆங்கிலம் அப்படியல்ல. வெறும் எழுத்தாகப் பிரதி எடுக்கும்போது எது எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விடும். `Colombo` என்பதன் `C` ஊ ஆகும், ஆங்கில முகவரியிலுள்ள காற்புள்ளி இ ஆகும். மூன்றாவது, பெயர்களில் முதலிலேயே இருந்த தட்டச்சுப் பிழை. அதை எந்தக் கருவியும் பிடிக்காது, வாசித்துத்தான் பிடிக்கவேண்டும். இதைத்தான் ஒரு பந்தியாக விண்ணப்பத்தின் நடுவில் வைக்கச் சொன்னேன்.

நிகழ்ச்சி ஒழுங்கில் அவள் "அறிமுகம், விளக்கம், செய்முறை, கேள்வி பதில்" என்று மட்டும் போட்டிருந்தாள். 90 நிமிடத்தைப் பிரித்துப் போட்டோம். எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்து காட்ட 10, கொம்புக் கதைக்கு 15, அவரவர் கோப்பில் வேலை செய்ய 45, பிழைகளைத் திரையில் சேர்ந்து பார்க்க 20. செய்முறைக்கு அவள் முதலில் நினைத்திருந்தது 20 நிமிடம்தான். 20 பேர் மடிக்கணினியைத் திறந்து கோப்பைத் தேடி எடுக்கவே அது போய்விடும்.

தன்னைப் பற்றிய பகுதியில் பட்டங்கள் வரிசையாக நின்றன. பட்டம் இருக்கட்டும், இரண்டாம் வரிக்குப் போகட்டும். தான் படித்த பாடசாலையின் பழைய மலர்களை மாற்றிக் கொடுத்ததை அவள் எழுதவே இல்லை! "அது சும்மா செய்தது அக்கா" என்றாள். அதை முதல் வரியாக்கினோம். சில மாநாடுகளில் மதிப்பிடுவோருக்குப் பெயரைக் காட்டமாட்டார்கள். அதனால் இதெல்லாம் தனிப் பெட்டியில்தான் இருக்கவேண்டும்; சுருக்கத்துக்குள் "எனது பாடசாலை" என்று பெயரோடு எழுதினால் மறைப்பில் அர்த்தமில்லை.

கடைசியில் இரண்டு வரி சேர்த்தாள். தேவை: 20 பேருக்கு மேசை, மின் இணைப்பு, ஒரு புரொஜெக்டர். மண்டப இணையம் படுத்தாலும் நடக்க, எழுத்துருவும் இணையமில்லாமல் ஓடும் ஒரு மாற்றியும் பென்டிரைவில் வரும். பட்டறைக்கு இடமில்லையென்றால் செய்முறையை விட்டு, மூன்று பிழைகளையும் காட்டும் 20 நிமிட உரையாகத் தரலாம்.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. இன்னொன்று சொன்னோம்.