ஒரே குக்கரில் கூழும் கல்லும்: பருப்பு ஏன் இப்படிச் செய்கிறது?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாம்பாரில் ஒரு விசித்திரம். பாதித் துவரம் பருப்பு கூழாகக் குழைந்திருந்தது. மீதிப் பாதி பல்லில் நறுக்கென்று கடிபட்டது. "குக்கர் வாஷர் போய்விட்டது" என்றார் அம்மா. ஆனால் மாணவர்களே, வாஷர் பழுதாகியிருந்தால் எல்லாப் பருப்பும் அல்லவா வேகாமல் இருந்திருக்க வேண்டும்? ஒரே சூடு, ஒரே நீர், ஒரே நேரம். அப்படியிருந்தும் இரண்டு விதமான முடிவு என்றால், வேறுபாடு குக்கரில் இல்லை, பருப்பில்தான் இருக்க வேண்டும்.

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. டின்னின் அடியில் போன தீபாவளிக்கு வாங்கிய பருப்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதன் மேலேயே லிட்டில் இந்தியாவில் அந்த வாரம் வாங்கிய புதுப் பருப்பை அம்மா கொட்டியிருந்தார். நல்ல வேளையாகப் பழைய பருப்பில் ஒரு பொட்டலம் அடுப்புக்கு மேல் தட்டில் பிரிக்காமல் கிடந்தது. அதை வைத்து ஒரு சோதனை செய்தோம். பழையது 100 கிராம், புதியது 100 கிராம். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் அரை மணி நேரம் ஊற வைத்தோம். பிறகு நீரை வடித்து, கிண்ணத்துக்கு 250 மில்லிலிட்டர் புது நீர் ஊற்றி, இரண்டையும் ஒரே குக்கருக்குள் வைத்தோம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, பத்து நிமிடம் கழித்து அணைத்தோம். புதியது விரலால் நசுக்கியதும் மாவானது. பழையது வடிவம் மாறாமல், நடுவில் மணல்போல நறநறத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: ஊறியபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பின. அதாவது பழைய பருப்பு நீரை உறிஞ்ச மறுக்கவில்லை. உறிஞ்சிய பிறகும் மென்மையாக மறுத்தது.

காரணத்தை அறியப் பருப்பின் உள்ளே போக வேண்டும். பருப்பு என்பது மாவுச்சத்து நிறைந்த ஏராளமான உயிரணுக்களின் அடுக்கு. ஓர் உயிரணுவை அடுத்ததோடு ஒட்டி வைத்திருக்கும் பசையின் பெயர் பெக்டின். ஜாம் கெட்டியாவதற்குக் காரணமும் இதே பொருள்தான். வேகும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. உயிரணுவுக்குள் இருக்கும் மாவுச்சத்து நீரை இழுத்துக்கொண்டு உப்புகிறது. வெளியே பெக்டின் பசை சூட்டில் உடைந்து நீரில் கரைகிறது. பசை கரைந்தால் உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். அதைத்தான் நாம் 'வெந்தது' என்கிறோம். பசை முழுக்கக் கரைந்து, உயிரணுக்களும் கிழிந்து மாவுச்சத்து வெளியே கசிந்தால் அது 'குழைந்தது'.

கால்சியம் இந்தப் பசைக்கு இரும்பு ஆணி மாதிரி. பெக்டின் இழைகளுக்கு இடையே அது புகுந்துவிட்டால் இழைகள் இறுகிப் பிணைந்து, எளிதில் கரையா. புதுப் பருப்பில் கால்சியத்தின் ஒரு பகுதியைப் பைட்டேட் என்ற சேர்மம் பிடித்து வைத்திருக்கும். பருப்பு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் கிடந்தால், அதிலுள்ள ஒரு நொதி பைட்டேட்டை மெல்ல மெல்ல உடைக்கிறது. விடுதலையான கால்சியம் நேராகப் பெக்டினிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. பருப்பு முதுமையில் கல்லாவதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் முக்கியமான விளக்கம் இது. உயிரணுச் சுவரில் வேறு சில மாற்றங்களும் கூடவே நடக்கின்றன.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இது சொந்தப் பிரச்சினை. பகலில் 30 பாகையைத் தாண்டும் வெப்பம், ஆண்டு முழுவதும் புழுக்கம். இந்த மாற்றத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. போதாக்குறைக்கு, நம் கடைகளில் இருக்கும் பருப்பு கப்பலில் வந்தது. கிடங்கில் எத்தனை மாதம் இருந்தது என்று நமக்குத் தெரியாது. அடுப்புக்கு மேல் தட்டு சமையலறையிலேயே மோசமான இடம். காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பது நல்லது. குளிர்பெட்டியில் இடம் இருந்தால் இன்னும் நல்லது. புதியதைப் பழையதோடு கலக்கவே வேண்டாம். கலந்தால் பழையதை வேகவைப்பதற்குள் புதியது கூழாகிவிடும்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் பருப்பு வேகாவிட்டால் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். அதுவும் நியாயம்தான். ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீரில் கால்சியம் அதிகம். அது வெளியிலிருந்து வந்து அதே வேலையைச் செய்கிறது. பினாங்குக் குழாய் நீரோ பெரும்பாலும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆகவே இங்கே நீரின் மேல் பழி போடுவதற்கு முன் டின்னைப் பாருங்கள்.

சரி, ஊற வைப்பதால் என்ன பயன்? நீர் நடுப்பகுதி வரை முன்கூட்டியே போய்ச் சேர்கிறது. ஊறாத பருப்பை நேரே குக்கரில் போட்டால், உள்ளே நீர் எட்டுவதற்குள் வெளிப்புறம் வெந்து குழையத் தொடங்கும். மேலே கூழ், உள்ளே கல் என்று ஒரே பருப்பில் இரண்டும் வரும். தோல் நீக்கி உடைத்த துவரம் பருப்புக்கு அரை மணி போதும். கடலைப் பருப்புக்கு ஒரு மணி நேரம். தோலோடு இருக்கும் முழுக் கொண்டைக்கடலைக்கு ஓர் இரவு வேண்டும். நம் வெப்பத்தில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும், குளிர்பெட்டியில் வையுங்கள். கடலை ஊறும் நீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போடலாம். உப்பின் சோடியம் கொஞ்சம் கால்சியத்தை வெளியே தள்ளி அந்த இடத்தில் உட்காரும். ஆணிக்குப் பதில் குண்டூசி!

அடுத்தது விசில். குக்கருக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காவதால் நீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகை வரை சூடேறுகிறது. எடை தாங்க முடியாத அளவுக்கு அழுத்தம் வந்துவிட்டது என்பதைத்தான் விசில் சொல்கிறது. எவ்வளவு நேரம் வெந்தது என்று அது சொல்வதில்லை. தீ பெரிதாக இருந்தால் நான்கு விசில் மூன்று நிமிடத்தில் அடித்துவிடும். தீ சிறிதென்றால் பத்து நிமிடமும் ஆகலாம். ஆகவே முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பருப்பை நேரடியாகக் குக்கரில் போட்டால், ஊறிய புதுத் துவரம் பருப்புக்கு எங்கள் அடுப்பில் ஏழு நிமிடம் ஆகிறது. குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பருப்பின் நுரை ஆவித் துளையை அடைத்தால் ஆபத்து.

அடுப்பை அணைத்த பிறகும் சமையல் முடியவில்லை. அழுத்தம் தானாக இறங்கும்வரை உள்ளே பருப்பு வெந்துகொண்டேதான் இருக்கும். அந்த நிமிடங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு எடையைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால், 120 பாகையில் இருக்கும் நீர் சட்டென்று கொந்தளித்துப் பருப்பை உடைத்துவிடும். வடிவம் கெடாமல் வேண்டுமென்றால் அடுப்பில் வைக்கும் நேரத்தைக் குறைத்து, அழுத்தத்தைத் தானாக இறங்க விடுங்கள்.

நாசி கண்டார் கடை டால்சாவில் புளி இருக்கிறதே, அந்தப் பருப்பு எப்படி மென்மையாக இருக்கிறது? புளி பெக்டினைக் கரையவிடாமல் தடுக்கும் என்பது உண்மை. அதனால்தான் பருப்பு வெந்து மசிந்த பிறகே புளி கரைத்து ஊற்றுவார்கள். தக்காளிக்கும் இதே வரிசைதான்.

எங்கள் பழைய பொட்டலத்தை வீணாக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஊற வைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, முதல் விசிலுக்குப் பின் இருபது நிமிடம் வைத்தோம். காரத்தன்மையில் பெக்டின் வேகமாக உடையும். பருப்பு மசிந்தது. சோடா கூடினால் சோப்பு வாடை வரும், 'பி1' வைட்டமினும் அழியும் என்பதால் சிட்டிகைக்கு மேல் போகவில்லை. இப்போது எங்கள் வீட்டில் இரண்டு டின்கள். இரண்டிலும் வாங்கிய தேதி எழுதி ஒட்டியிருக்கிறது; எழுதியது அம்மா.