கோடில்லாத இடத்தின் சாய்வு

புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் இடவிளக்கப் படத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது நீலம். கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே, வடக்குப் பக்கம் கடலுக்கு வாய் திறந்தபடி கிடக்கிறது களப்பு. அதன் ஓரங்களில் உப்பளங்கள், சதுப்பு, தென்னந்தோட்டங்கள். பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகளைத் தேடினால்தான் சிக்கல். குடாநாட்டில் ஒரு கோடு கிடைப்பதே அரிது. கிழக்கே உள்நாட்டுப் பக்கம் நெடுந்தூரம் போன பிறகே கோடுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

இப்படியொரு படத்தைக் கொடுத்து, “இப்பிரதேசத்தின் தரைத்தோற்றத்தை விவரிக்க” என்று பயிற்சித்தாளில் கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் “தரை சமமானது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மலைநாட்டுப் படம் கிடைத்தால் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய பிள்ளையும் இங்கே வந்து நின்றுவிடுகிறது. கோடு இல்லாத இடத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறு. சமவுயரக் கோட்டை உண்மையாகவே விளங்கிக்கொண்டவரா என்று ஒருவரைச் சோதிக்க, சிவனொளிபாத மலைப் படத்தைவிடப் புத்தளம் படமே பொருத்தமானது என்பேன்.

நில அளவைத் திணைக்களம் நாடு முழுவதையும் 92 தாள்களில் 1:50,000 அளவுத்திட்டத்தில் வரைந்திருக்கிறது. க.பொ.த. சாதாரண தரப் புவியியல் வினாத்தாளில் வெட்டித் தரப்படுவதும் இந்தப் படங்களின் பகுதிகளே. இவற்றில் சமவுயரக் கோட்டு இடைவெளி 20 மீற்றர். 20, 40, 60 என்ற உயரங்களில் மட்டுமே கோடு விழும். கடல்மட்டத்திலிருந்து 19 மீற்றர் உயரத்தில் ஒரு மணல்மேடு எழுந்து மறுபக்கம் இறங்கினாலும் அதைச் சுற்றி எந்தக் கோடும் வராது. ஆகவே வெற்றிடம் சொல்லும் செய்தி இவ்வளவுதான்: இங்கே தரை எங்கும் 20 மீற்றரை எட்டவில்லை. அதற்குக் கீழே அது தட்டையாகக் கிடக்கிறதா, மேடும் பள்ளமுமாக இருக்கிறதா என்பதைக் கோடுகள் சொல்வதில்லை. பழைய ஓரங்குலப் படங்களில் இடைவெளி 100 அடி, அதாவது ஏறக்குறைய 30 மீற்றர். அவற்றில் இந்தக் கரையோரம் இன்னும் வெறுமையாக இருக்கும்.

கோடுகள் உள்ள பக்கத்தில் சாய்வைக் கணிப்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்ப்போம். களப்பின் கிழக்குக் கரையில் ‘அ’ என்ற புள்ளி. அங்கிருந்து நேர் கிழக்கே 40 மீற்றர்க் கோட்டின் மீது ‘ஆ’ என்ற புள்ளி. அடிமட்டத்தில் இடைத்தூரம் 16 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 1:50,000 படத்தில் 2 சென்ரிமீற்றர் என்பது ஒரு கிலோமீற்றர். எனவே தரையில் 8 கிலோமீற்றர். உயர வேறுபாடு 40 மீற்றர். படித்திறன் காண 40ஐ 8ஆல் வகுத்து “5” என்று எழுதும் விடைகள் ஏராளம். மீற்றரும் கிலோமீற்றரும் கலந்துபோனதுதான் பிழை. 8 கிலோமீற்றரை 8,000 மீற்றராக்கிய பிறகு வகுத்தால் 40/8,000, அதாவது 1/200. இருநூறு மீற்றர் நடந்தால் ஒரு மீற்றர் ஏற்றம். பாகையில் சொன்னால் மூன்றில் ஒரு பாகைகூட இல்லை. விடை நம்பத் தகுந்ததா என்று உடனே சரிபார்க்க வழியுண்டு. 5 என்பது ஒரு மீற்றர் நடந்தால் ஐந்து மீற்றர் ஏறவேண்டிய, சுவர் போன்ற ஏற்றம். களப்போரத்தில் அப்படி எட்டுக் கிலோமீற்றர் நீளும் ஏற்றம் எங்கே இருக்கிறது?

1/200 என்பது சராசரி மட்டுமே. அதே கோட்டின் வழியே 20 மீற்றர்க் கோடு எங்கே குறுக்கிடுகிறது என்று பார்க்கவேண்டும். அது ‘அ’விலிருந்து 12 சென்ரிமீற்றரில் இருந்தால், முதல் 20 மீற்றர் ஏற 6 கிலோமீற்றர் தேவைப்பட்டிருக்கிறது. அங்கே படித்திறன் 1/300. அடுத்த 20 மீற்றருக்கு 2 கிலோமீற்றரே ஆனது. அங்கே 1/100. கீழே கோடுகள் அகன்றும் மேலே நெருங்கியும் இருந்தால் அது குழிவுச் சாய்வு. “மென்சாய்வு” என்பதோடு “கரையருகே மிக மென்மையானது, உள்நோக்கிச் செல்லச் செல்ல மூன்று மடங்கு கூடுகிறது” என்றும் எழுதினால் அது முழு விடை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: இதே அளவுத்திட்டத்தில், மத்திய மலைநாட்டில் இரண்டு கோடுகள் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் நின்றால், 50 மீற்றர் தூரத்தில் 20 மீற்றர் ஏற்றம். அது 1/2.5. பென்சில் முனை அரை மில்லிமீற்றர் விலகினால் 25 மீற்றர் பிசகும். அங்கே அந்தப் பிசகு விடையையே மாற்றிவிடும். புத்தளத்தில் அது பொருட்டே இல்லை.

தூரத்தையும் திசையையும் பழக இந்தக் களப்பைவிட நல்ல இடம் கிடையாது. புத்தளம் நகரிலிருந்து கற்பிட்டிக்கு அடிமட்டத்தை நேராக வைத்து அளந்தால் தரையில் ஏறத்தாழ 23 கிலோமீற்றர் வரும். ஆனால் அந்த நேர்கோடு பெரும்பாலும் தண்ணீரின் மேல் போகிறது. வாகனம் தெற்கே பாலாவிக்கு இறங்கி, களப்பின் அடிப்பக்கத்தைச் சுற்றி, நுரைச்சோலை வழியாக வடக்கே ஏறவேண்டும். நூலை வீதியின் வளைவுகளோடு படியவைத்து அளந்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு. வினாவில் “நேர்கோட்டுத் தூரம்” என்றிருக்கிறதா, “வீதி வழியான தூரம்” என்றிருக்கிறதா என்று இரண்டு தரம் வாசிப்பது இதனால்தான்.

திசையில் தவறு வேறு விதமாக நுழைகிறது. “புத்தளத்திலிருந்து கற்பிட்டி எத்திசையில் உள்ளது?” என்றால் பாகைமானியைப் புத்தளத்தில் வைக்கவேண்டும். “இருந்து” என்ற சொல் ஒட்டிய இடமே நிற்கும் இடம். அங்கே வடக்குக் கோடு வரைந்து வலஞ்சுழியாக அளந்தால் திசைகோள் ஏறத்தாழ 343° வரும். வடக்கிலிருந்து சற்றே மேற்கு. பாகைமானியைக் கற்பிட்டியில் வைத்தவருக்கு 163° வரும். இரண்டுக்கும் வேறுபாடு சரியாக 180°. இடவலம் மாறி அளந்தவருக்கோ 17° வரும். அது வடக்கிலிருந்து சற்றுக் கிழக்கு. கற்பிட்டி புத்தளத்துக்கு மேற்குப் பக்கம் கிடப்பது படத்தில் கண்ணுக்கே தெரிகிறது என்பதால், 17° என்ற விடையை எழுதும்போதே சந்தேகம் வரவேண்டும்.

கோடு இல்லாத பகுதியில் சாய்வின் திசையை அறிய வேறு சாட்சிகள் உண்டு. அவற்றில் நம்பகமானது குளக்கட்டு. கிழக்கே தப்போவ போன்ற குளங்களைப் படத்தில் பார்த்தால், நீலப் பரப்பின் ஒரு பக்கம் மட்டும் தடித்த கட்டு இருக்கும். மறுபக்கத்தில் நீர் விளிம்பு விரல் விரலாகத் தரைக்குள் நீண்டிருக்கும். கட்டு எப்போதும் தாழ்ந்த பக்கத்தில்தான் கட்டப்படும். விரல்கள் நீளும் பக்கம் உயர்ந்தது. ஒரு கோடும் இல்லாமலே சாய்வு தெரிந்துவிட்டது. ஆறுகளும் அப்படித்தான். மீ ஓயாவும் கலா ஓயாவும் களப்பில் வந்து விழுகின்றன. உள்நாட்டில் சமவுயரக் கோடு ஆற்றைக் கடக்கும் இடத்தில் வளைந்து கூர் கொள்ளும். அந்தக் கூர் ஆற்றின் தலைப்பக்கம், அதாவது இங்கே கிழக்குப் பக்கம், சுட்டும். கூர் நீரோட்டத்தின் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டால் ஆறு கடலிலிருந்து மலைக்கு ஓடும். கரையருகே குறிக்கப்பட்ட சதுப்பும் உப்பளமும் அங்கே தரை கடல்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது என்பதற்குச் சான்று. உப்பளம் அமைய ஏறக்குறைய மட்டமான நிலம் வேண்டும். நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தானே நகர அதில் மெல்லிய சரிவும் வேண்டும். 20 மீற்றர் இடைவெளிக் கோடுகளுக்கு அந்தச் சரிவு கனவிலும் தெரியாது.

குறுக்குவெட்டுமுகம் வரையும்போது இந்தச் சமவெளி நம்மை ஏமாற்றும். நிலைக்குத்து அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 20 மீற்றர் என்று எடுத்தால் அதன் அளவுத்திட்டம் 1:2,000. கிடை அச்சு 1:50,000. உயரம் 25 மடங்கு பெருத்துக் காட்டப்படுகிறது. நாம் கண்ட 1/200 சாய்வு தாளில் 1/8 ஆக நிற்கும். அதைப் பார்த்து “குன்று” என்று எழுதாமலிருக்க, வரைபின் கீழே இந்த 25ஐக் குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

பரீட்சைக்கு அப்பாலும் இந்த வெற்றிடம் முக்கியமானது. கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவது மணலுக்கு அடியில் தேங்கிய மழைநீரால். கடல்நீர் அடர்த்தி கூடியது என்பதால் நன்னீர் அதன் மேல் மிதக்கிறது. கணக்குப்படி நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீற்றரோ, கடல்மட்டத்துக்குக் கீழே அதன் 40 மடங்கு ஆழம்வரை நன்னீர் இருக்கலாம். நீர்மட்டம் அரை மீற்றர் உயர்ந்திருந்தால் 20 மீற்றர் ஆழம். பம்பி இறைத்து அதில் கால் மீற்றரைக் குறைத்தால் பாதி ஆழம் போகும். உப்பும் நன்னீரும் கலக்கும் வலயம் நடுவே இருப்பதால் உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவு. எந்தக் கிணறு முதலில் உவர்க்கும் என்பதை அறிய 20 மீற்றர்க் கோடு உதவாது. சென்ரிமீற்றர்க் கணக்கில் மட்டம் பார்க்கவேண்டும்.

இப்போது கணினியில் ஒரு மீற்றருக்கு ஒரு கோடு போட்ட படங்களும் கிடைக்கின்றன. அவற்றில் பல, 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவிலிருந்து பிறந்தவை. அந்த ரேடார் அலை அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் முழுதாக மண்ணைத் தொடாமல் மர உச்சிகளிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். தாழ்ந்த கரையோரங்களை இத்தரவு உண்மையைவிடச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு மீற்றர் உயர்த்திக் காட்டுவதாக 2019இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. அப்படியொரு படத்தில் புத்தளக் கரையின் தென்னந்தோட்டம் மேடாகத் தெரியலாம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது: கோடுகள் ஓடைகளையும் கரையையும் அனுசரிக்காமல் தோட்டத்து வேலியை ஒட்டி நேராக ஓடி, மூலையில் செங்கோணமாகத் திரும்பினால், அந்த மேடு தென்னை ஓலைகளின் உயரம்.