பட்டியலில் அடங்காத மொழிகள்

கணினி அறிவியலில் ‘மொழி’ என்றால் தமிழும் அல்ல, ஜாவாவும் அல்ல. 0, 1 என்ற இரண்டே எழுத்துகளால் அமையும் சொற்களில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்தால், அந்தத் தொகுப்புதான் ஒரு மொழி. ‘1 இரட்டைப்படை எண்ணிக்கையில் வரும் சொற்கள்’ என்பது ஒரு மொழி. அம்மொழிச் சொல் எதைக் கொடுத்தாலும் ஓர் இயந்திரம் என்றாவது ‘ஆம்’ சொல்லி நிற்க வேண்டும். வேறு சொல்லுக்கு ‘ஆம்’ சொல்லவே கூடாது. ‘இல்லை’ எனலாம், ஓயாமல் ஓடிக்கொண்டும் இருக்கலாம். அப்படியானால் அது மொழியை அடையாளம் காண்கிறது என்பார்கள்.

சொற்களை வரிசையில் நிறுத்துவது எளிது. குட்டையானவை முன்னே, நெட்டையானவை பின்னே: 0, 1, 00, 01, 10, 11, 000... எந்தச் சொல்லுக்கும் ஓர் இடம் உண்டு. 1936-இல் ஆலன் டூரிங் வகுத்த இயந்திரமும் ஒரு முடிவுள்ள விதித்தொகுப்புதான். அதையும் 0, 1 கொண்டு ஒரே நீண்ட சொல்லாக எழுதிவிடலாம். ஆகவே இயந்திரங்களும் முதலாவது, இரண்டாவது என்று வரிசையில் வந்து நிற்கும்.

மொழிகள் நிற்குமா? வருகைப் பதிவேடு போல, மொழிக்குள் இருக்கும் சொல்லுக்கு 1, இல்லாததற்கு 0 போடுவோம். மேலே சொன்ன மொழியின் வரி 1, 0, 1, 0, 0, 1 என்று தொடங்கி முடிவின்றிப் போகும். இனி ஒவ்வோர் இயந்திரமும் காணும் மொழிக்கு ஒரு வரி எழுதுவோம். முதல் மூன்று வரிகள் 101..., 000..., 110... என்று இருக்கட்டும். முதல் வரியின் முதல் இலக்கம், இரண்டாம் வரியின் இரண்டாவது, மூன்றாம் வரியின் மூன்றாவது: 1, 0, 0. இதைத் தலைகீழாக்கினால் 0, 1, 1. இப்படியே போனால் கிடைக்கும் புதிய வரி, பட்டியலின் ஒவ்வொரு வரியோடும் ஓரிடத்திலாவது முரண்படும். எந்த இயந்திரமும் காணாத மொழி அது. கேன்டர் 1891-இல் வெளியிட்ட உத்தி இது.

தப்பியது ஒன்றுதானா? அந்த ஒன்றைப் பட்டியலில் சேர்த்தாலும் அதே உத்தி இன்னொன்றைக் காட்டும். உண்மையில் தப்பியவைதான் பெரும்பான்மை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காசைச் சுண்டி, தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 0 என்று ஒரு மொழியை உருவாக்குங்கள். முதல் 11 சுண்டல்கள் முதல் இயந்திரத்தின் வரியோடு ஒத்துப்போக வாய்ப்பு 2048-இல் ஒன்று. முதல் 12 சுண்டல்கள் இரண்டாம் இயந்திரத்தோடு ஒத்துப்போக 4096-இல் ஒன்று. இப்படி எல்லா இயந்திரங்களையும் கூட்டினாலும் மொத்தம் 1024-இல் ஒன்றைத் தாண்டாது. 11-க்குப் பதில் 21-இலிருந்து தொடங்கினால் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போகும். இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்பதால், வாய்ப்பு பூஜ்யம்தான்.

ஒரு வேடிக்கை. மூலைவிட்டத்தைத் தலைகீழாக்காமல் அப்படியே எடுத்தால், அந்த மொழியை அடையாளம் காண ஓர் இயந்திரம் உண்டு: நூறாவது சொல் வந்தால், நூறாவது இயந்திரத்திடம் அதைக் கொடுத்து ஓடவிட்டு, ‘ஆம்’ வருகிறதா என்று பார்த்தால் போதும். தலைகீழாக்கினால்தான் சிக்கல். அங்கே ‘ஆம்’ வரவே வராது என்று உறுதி செய்ய வேண்டும். ஓயாமல் ஓடும் இயந்திரத்தின் முன்னே அதற்காகக் காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.