மேடையில் தசை, ரத்தத்தில் வறட்சி

ஆணழகன் போட்டி மேடையில் நரம்பு புடைக்க நிற்கும் ஒருவரைப் பார்த்தால், ஆண் ஹார்மோன் அவர் உடம்பில் பொங்கி வழிவதாகத் தோன்றும். ரத்தப் பரிசோதனை பல நேரம் வேறு கதை சொல்லும்.

ஊக்கமருந்து தொடாத அமெரிக்கப் போட்டியாளர் ஒருவரை ஆய்வாளர்கள் ஓராண்டு பின்தொடர்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். போட்டிக்குத் தயாரான ஆறு மாதத்தில் அவருடைய உடல் கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதமாக இறங்கியது. டெஸ்டோஸ்டிரோனும் கூடவே இறங்கியது. நம் ஊர் லேப் ரிப்போர்ட் கணக்கில் சொன்னால் 922-லிருந்து 227. முன்னூறுக்குக் கீழே போனாலே குறைவு என்பது மருத்துவர்கள் பலர் வைத்திருக்கும் எல்லை. நாடித்துடிப்போ 53-லிருந்து 27 ஆனது. மனநிலையும் கெட்டது, தூக்கும் எடையும் குறைந்தது.

அவருடைய விரைகளில் கோளாறு எதுவும் இல்லை, கட்டளைதான் வரவில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, அது எல்.எச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டு ரத்தத்தில் அனுப்பும். அது வந்து சேர்ந்தால்தான் விரை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். கொழுப்பு கரைந்தால் அதிலிருந்து வரும் லெப்டின் குறைகிறது. சாப்பாடும் செலவுக்குப் போதவில்லை. உடம்பு இதைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. பஞ்சத்தில் பிள்ளை பெறும் வேலையைத்தானே முதலில் நிறுத்த வேண்டும்!

பயிற்சியின் கடுமை காரணமா, பட்டினியா? அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியில் இதற்கு நல்ல விடை கிடைத்தது. எட்டு வாரம் தூக்கமில்லாமல், தினமும் ஏறத்தாழ 1000 கலோரி பற்றாக்குறையோடு அலைந்த வீரர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்குப் போனது. இடையில் ஒரு வாரம் வயிறாரச் சாப்பாடு போட்டதும், மற்றக் கஷ்டங்கள் அப்படியே இருந்தும், அளவு பழையபடி ஏறியது. அதனால் என் சந்தேகம் முதலில் தட்டின் மேல்தான் போகும்.

காலையில் எழும்போது வரும் விறைப்பு வாரக்கணக்கில் காணாமல்போவது, ஆசை மங்குவது, நேற்றுத் தூக்கிய எடை இன்று கனப்பது, எந்நேரமும் குளிர்வது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பரிசோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றில், முந்தின நாள் கடும் பயிற்சி இல்லாமல் போக வேண்டும். அளவு குறைவென்றால் இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். கூடவே எல்.எச். பார்ப்பது அவசியம். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் எல்.எச். உயராமல் இருந்தால் தடை மேலே, மூளைப் பக்கம். ஆனால் பிட்யூட்டரிக் கட்டியும் இப்படிக் காட்டலாம் என்பதால் மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஜிம்மில் யாராவது ஊசி போடச் சொல்வார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் மிச்சமிருக்கும் எல்.எச். சுரப்பும் நின்று, விந்தணு உற்பத்தி படுத்துவிடும். போட்டிக்குப் போகிறவர் ஊக்கமருந்துச் சோதனையிலும் மாட்டுவார்.

அந்த அமெரிக்கருக்கு ஊசி தேவைப்படவில்லை. போட்டி முடிந்து சாப்பிட்டு, கொழுப்பு 14.6 சதவீதத்துக்குத் திரும்பியபோது டெஸ்டோஸ்டிரோன் 991-ஐத் தொட்டது. தசை வலிமை மட்டும் ஆறு மாதம் ஆகியும் முழுதாகத் திரும்பவில்லை.